115 மாதங்களில் பணம் இரட்டிப்பாவது எப்படி: 72 விதி பற்றி ஓர் எளிய விளக்கம்

அஞ்சலகத்தில் கிசான் விகாஸ் பத்திரம் என்றொரு சேமிப்புத் திட்டம் இருக்கிறது. ‘இத்தனை சதவீத வட்டி’ என்பதைவிட ‘இத்தனை மாதத்தில் போட்ட பணம் இரண்டு மடங்கு’ என்றே மக்கள் அதை அறிந்து வைத்திருக்கிறார்கள். 2023 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட கணக்கின்படி ஆண்டு வட்டி 7.5 சதவீதம், இரட்டிப்பாகும் காலம் 115 மாதங்கள். அதாவது 9 ஆண்டு 7 மாதம். கவுன்டரில் நிற்கும் பலரும் இந்த 115 என்ற எண்ணை அரசு தன் விருப்பப்படி வைத்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் 7.5 சதவீதம் என்று முடிவு செய்த அந்த நொடியிலேயே 115 மாதம் என்பதும் முடிவாகிவிட்டது. ஒன்றிலிருந்து மற்றொன்றை மனக்கணக்காகவே எடுத்துவிடலாம் என்பதைத்தான் 72 விதி சொல்கிறது.

விதி இவ்வளவுதான்: 72 என்ற எண்ணை ஆண்டு வட்டி சதவீதத்தால் வகுத்தால், வட்டி ஆண்டுதோறும் அசலோடு சேர்ந்து வளரும்போது பணம் இரண்டு மடங்காக எத்தனை ஆண்டுகள் ஆகும் என்ற விடை கிடைக்கும். 72-ஐ 7.5-ஆல் வகுத்தால் 9.6 ஆண்டுகள். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 115.2 மாதங்கள். அஞ்சலகம் சொல்லும் 115 மாதம் இதோ வந்துவிட்டது.

இதே விதியைத் திருப்பியும் போடலாம். இத்தனை ஆண்டில் இரட்டிப்பு என்று ஒருவர் சொன்னால், 72-ஐ அந்த ஆண்டுகளால் வகுத்து, அவர் தருவதாகச் சொல்லும் வட்டி எவ்வளவு என்று கண்டுபிடிக்கலாம். என் அனுபவத்தில் இந்தத் திருப்பிப் போடும் கணக்குத்தான் அன்றாட வாழ்வில் அதிகம் பயன்படுகிறது. ஏனென்றால் பணம் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் வட்டி விகிதத்தைச் சொல்வதில்லை, இரட்டிப்பைத்தான் சொல்கிறார்கள்.

விதியை நம்புவதற்கு முன், ஒருமுறையாவது முழுக் கணக்கையும் காகிதத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது. 1,00,000 ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு முடிவில் 7,500 ரூபாய் வட்டி சேர்ந்து 1,07,500 ஆகிறது. இரண்டாம் ஆண்டில் வட்டி கணக்கிடப்படுவது ஒரு லட்சத்துக்கு அல்ல, இந்த 1,07,500-க்கு. எனவே வட்டி 8,062 ரூபாய் 50 காசாக உயர்ந்து, தொகை 1,15,562 ரூபாயைத் தாண்டுகிறது. இப்படியே போனால் ஐந்தாம் ஆண்டு முடிவில் கையிலிருப்பது ஏறக்குறைய 1,43,563 ரூபாய். எட்டாம் ஆண்டு முடிவில் 1,78,348. ஒன்பதாம் ஆண்டு முடிவில் 1,91,724. இன்னும் எட்டாயிரத்துச் சொச்சம் போதாமல் இருக்கிறது. பத்தாம் ஆண்டின் முழு வட்டி 14,379 ரூபாய் என்பதால், அதில் ஏழு மாதப் பங்கு ஏறக்குறைய 8,388 ரூபாய் வருகிறது. இரண்டையும் கூட்டினால் 2,00,112. ஆறு மாதத்தோடு நிறுத்தியிருந்தால் இரண்டு லட்சத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் குறைந்திருக்கும். ஒன்பது ஆண்டும் ஏழு மாதமும் என்று அஞ்சலகம் சொல்வதன் காரணம் இதுதான்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. முதல் ஆண்டில் 7,500 ரூபாயாக இருந்த வட்டி, பத்தாம் ஆண்டில் ஆண்டுக்கு 14,379 ரூபாய் என்ற வேகத்தை எட்டிவிட்டது. வட்டி விகிதம் மாறவே இல்லை. வட்டியைச் சம்பாதிக்கும் தொகைதான் பெருத்துவிட்டது. ஆகவே பாதி வழியில் பத்திரத்தை உடைப்பவர், ஆண்டுக் கணக்கில் பாதித் தூரம் வந்திருந்தாலும், ரூபாய்க் கணக்கில் மொத்த வட்டியில் பாதிக்கும் குறைவாகவே பெறுகிறார். கிசான் விகாஸ் பத்திரத்தை இரண்டரை ஆண்டுகள் கழித்து முன்கூட்டியே பணமாக்கிக்கொள்ள அனுமதி இருக்கிறது என்பதால், இந்த வேறுபாட்டை அறிந்த பிறகு அந்த முடிவை எடுப்பது நல்லது.

இந்தத் திட்டத்தின் வரலாறே 72 விதிக்கு நல்ல பயிற்சிப் புத்தகம் போல அமைந்திருக்கிறது. 1988-இல் இது தொடங்கப்பட்டபோது பணம் ஐந்தரை ஆண்டில் இரட்டிப்பாகும் என்றார்கள். 72-ஐ 5.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 13.1 சதவீதம். நுணுக்கமாகக் கணக்கிட்டால் அது 13.4 சதவீதம். இன்றைய விகிதத்தோடு ஒப்பிட்டு அந்தக் காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடுபவர்கள் உண்டு, ஆனால் அன்றைய விலைவாசி உயர்வையும் சேர்த்து நினைக்க வேண்டும். 2003 முதல் 8 ஆண்டு 7 மாதம் ஆனது. 2011-இல் சியாமளா கோபிநாத் தலைமையிலான குழுவின் பரிந்துரையை அடுத்து இந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. 2014 நவம்பரில் மறுபடியும் வந்தபோது 100 மாதத்தில் இரட்டிப்பு என்ற வாக்கோடு வந்தது. 100 மாதம் என்பது 8.33 ஆண்டுகள். 72-ஐ அதனால் வகுத்தால் 8.64 கிடைக்கிறது, அறிவிக்கப்பட்ட வட்டியோ 8.7 சதவீதம். 2020 ஏப்ரலில் வட்டி 6.9 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது காலம் 124 மாதமாக நீண்டது. விதிப்படி 125 மாதம் வருகிறது. ஒரு மாத வேறுபாடு, அவ்வளவுதான்.

வாங்கிய நாளில் இருந்த விகிதமே அந்தப் பத்திரத்துக்குக் கடைசிவரை பொருந்தும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2020-இல் வாங்கியவருக்கு 124 மாதம் என்பது 124 மாதம்தான். பின்னாளில் வட்டி உயர்ந்ததால் அவருடைய காலம் குறைந்துவிடாது.

அடுத்த கேள்வி, ஏன் 72? இந்த எண் எங்கிருந்து வந்தது? இதற்கு வயது அதிகம். 1494-இல் வெனிஸ் நகரில் அச்சான லூக்கா பச்சோலியின் கணித நூலிலேயே இந்த விதி இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அங்கே காரணம் விளக்கப்படவில்லை. காரணத்தைப் புரிந்துகொள்ள அதிகக் கணிதம் தேவையில்லை.

வட்டி ஆண்டுக்கு ஒருமுறை சேராமல், ஒவ்வொரு நொடியும் சேர்ந்துகொண்டே இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்படி இடைவிடாமல் வளரும் பணம் இரட்டிப்பாகும் காலத்தை வட்டி சதவீதத்தால் பெருக்கினால், வட்டி எதுவாக இருந்தாலும் 69.3 என்ற ஒரே எண் வருகிறது. இரண்டின் இயல்பு மடக்கை 0.693 என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கலாம். நடைமுறையில் வட்டி அப்படி நொடிக்கு நொடி சேர்வதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் சேரும்போது, இடைப்பட்ட மாதங்களில் வட்டிக்கு வட்டி கிடைக்காமல் போகிறது, அதனால் இரட்டிப்பு சற்றே தாமதமாகிறது. அந்தத் தாமதத்தை ஈடுகட்ட 69.3-ஐவிடச் சற்றுப் பெரிய எண் வேண்டும். எட்டு சதவீத வட்டிக்கு அந்த எண் ஏறக்குறைய 72 ஆக அமைகிறது. அதிர்ஷ்டவசமாக 72 என்பது 2, 3, 4, 6, 8, 9, 12 ஆகிய எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடுகிறது. மனக்கணக்குக்கு இதைவிட வசதியான எண் அக்கம்பக்கத்தில் இல்லை.

இதிலிருந்து ஒரு பயனுள்ள உண்மை பிறக்கிறது. 72 என்பது எங்கும் மாறாத எண் அல்ல, வட்டி எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சேர்கிறது என்பதைப் பொறுத்து அது அசையும். வங்கி நிரந்தர வைப்பைப் பாருங்கள். நம் வங்கிகளில் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேர்கிறது. 7 சதவீத வட்டியில் ஒரு லட்சத்தைப் பத்து ஆண்டு வைப்பில் போட்டால், ஒவ்வொரு காலாண்டிலும் 1.75 சதவீதம் சேர்ந்து, நாற்பது காலாண்டு முடிவில் தொகை இரண்டு லட்சத்தை 160 ரூபாய் தாண்டுகிறது. சரியாகப் பத்து ஆண்டு. ஆனால் 72-ஐ 7-ஆல் வகுத்தால் 10.3 ஆண்டு என்று வரும். விதி பொய் சொல்லவில்லை. வட்டி அடிக்கடி சேர்வதால் 69.3-க்கு நாம் சற்று நெருங்கிவிட்டோம். எனவே காலாண்டு வட்டி சேரும் வங்கி வைப்புக்கு 72-க்குப் பதிலாக 70-ஐ வைத்துக்கொண்டால் விடை இன்னும் துல்லியமாக இருக்கும். கிசான் விகாஸ் பத்திரத்தில் ஆண்டுக்கு ஒருமுறைதான் வட்டி சேர்கிறது, அதனால் அங்கே 72 பொருந்துகிறது.

இரட்டிப்புக் காலம் தெரிந்துவிட்டால், நீண்ட காலக் கணக்கு முழுவதும் இரண்டால் பெருக்குவதாகச் சுருங்கிவிடுகிறது. குழந்தை பிறந்ததும் ஒரு தொகையை ஒதுக்கி, 24 ஆண்டு கழித்து எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 6 சதவீதத்தில் 12 ஆண்டுக்கு ஒரு இரட்டிப்பு. 24 ஆண்டில் இரண்டு இரட்டிப்பு, அதாவது நான்கு மடங்கு. 9 சதவீதத்தில் எட்டு ஆண்டுக்கு ஒன்று. 24 ஆண்டில் மூன்று இரட்டிப்பு, எட்டு மடங்கு. 6-க்கும் 9-க்கும் இடையே உள்ள வேறுபாடு மூன்று சதவீதம் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். கடைசியில் கைக்கு வரும் தொகையிலோ அது சரிபாதி வேறுபாடாக நிற்கிறது. துல்லியக் கணக்கில் இவை 4.05 மடங்கும் 7.91 மடங்கும் ஆகும். மனக்கணக்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டது என்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

இனி, விதியைத் தவறாகப் பொருத்துகிற இடங்களுக்கு வருவோம். முதலாவது, வட்டியை எடுத்துச் செலவு செய்துவிடும் சேமிப்பு. அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் பணம் போட்டிருக்கும் ஓய்வூதியர் ஒருவர், வட்டி 7.4 சதவீதம் என்பதால் தன் பணம் பத்து ஆண்டில் இரட்டிப்பாகும் என்று நம்பினால் அது தவறு. அவர் மாதாமாதம் வட்டியை வாங்கி மளிகைக்கும் மருந்துக்கும் செலவிடுகிறார். அசல் அப்படியே நிற்கிறது. வாங்கிய வட்டிகளை எல்லாம் கூட்டினால் அது அசலுக்குச் சமமாக எத்தனை ஆண்டு ஆகும் என்று வேண்டுமானால் கேட்கலாம். அதற்கு 72-ஐ அல்ல, 100-ஐ வகுக்க வேண்டும். 100-ஐ 7.4-ஆல் வகுத்தால் பதின்மூன்றரை ஆண்டு. தனி வட்டிக்கு 100, கூட்டு வட்டிக்கு 72 என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது, மாதாமாதம் கட்டும் சேமிப்பு. 7.2 சதவீதத்தில் பத்து ஆண்டில் இரட்டிப்பு என்பது சரிதான், ஆனால் மாதம் 5,000 ரூபாய் வீதம் பத்து ஆண்டு கட்டுகிறவர், மொத்தம் கட்டிய 6 லட்சம் 12 லட்சம் ஆகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முதல் மாதம் கட்டிய ஐயாயிரம் மட்டும்தான் முழுப் பத்து ஆண்டு உழைத்தது. கடைசி மாதம் கட்டியது ஒரு மாதமே இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்தால் கிடைப்பது சுமார் 8.7 லட்சம். 72 விதி, ஒரே தடவையில் போட்டுவிட்டுத் தொடாமல் விட்ட தொகைக்கு மட்டுமே உரியது.

மூன்றாவது, கடன். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் நம் ஊர்களில் கைமாற்றாகவும் நோட்டு எழுதியும் வாங்கும் கடனுக்கு வட்டியை ஆண்டுக் கணக்கில் யாரும் பேசுவதில்லை. ‘இரண்டு வட்டி’, ‘மூன்று வட்டி’ என்றே பேசுகிறார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்பது அதன் பொருள். காதுக்குச் சிறிய எண்ணாகப் படுவதால், வங்கி கேட்கும் 11 அல்லது 12 சதவீதத்தைவிட இது குறைவு என்று நினைத்துக் கடன் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு வட்டி என்பது ஆண்டுக்கு 24 சதவீதம்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா, மகளின் சடங்குச் செலவுக்காக 50,000 ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கினார். மாதம் 1,000 ரூபாய் வட்டி கட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. சில மாதங்களிலேயே தையல் வேலை குறைந்து வட்டி நின்றுபோனது. கடன் கொடுத்தவர் சத்தம் போடவில்லை. ஆண்டு முடிவில், ‘வட்டியை அசலோடு சேர்த்து நோட்டை மாற்றி எழுதிக்கொள்வோம்’ என்று மட்டும் சொன்னார். அக்கா அதை ஒரு சலுகையாகவே எடுத்துக்கொண்டார். அந்த ஒரு வாக்கியம்தான் தனி வட்டியைக் கூட்டு வட்டியாக மாற்றியது. ஆண்டு முழுவதும் வட்டி கட்டவில்லை என்று வைத்துப் பார்த்தால், முதல் மாற்றத்தில் 50,000 என்பது 62,000 ஆகிறது. அடுத்த ஆண்டு 76,880. மூன்றாம் ஆண்டு 95,331. நான்காம் ஆண்டு தொடங்கிச் சில மாதங்களிலேயே ஒரு லட்சத்தைக் கடந்துவிடுகிறது. 72-ஐ 24-ஆல் வகுத்தால் மூன்று ஆண்டு என்று வருகிறது. உண்மையில் மூன்று ஆண்டும் மூன்று மாதத்துக்குச் சற்றுக் குறைவான காலமும் ஆகிறது. நோட்டை மாற்றி எழுதாமல் தனி வட்டியாகவே விட்டிருந்தால், 100-ஐ 24-ஆல் வகுத்தபடி, நான்கு ஆண்டு இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு கையெழுத்தின் விலை ஏறக்குறைய ஓராண்டு.

மாத வட்டிக்கு விதியை நேரடியாக மாதக் கணக்கிலும் போடலாம். மாதாமாதம் வட்டி அசலோடு சேர்வதானால், இரண்டு வட்டிக்கு 72-ஐ 2-ஆல் வகுத்து 36 மாதம், மூன்று வட்டிக்கு 24 மாதம். பத்து வட்டி என்று சொல்லப்படும் கொடிய கடனுக்கு ஏழு மாதத்துக்குச் சற்று அதிகம். அப்படிப்பட்ட கடனைத் தடுக்கத்தான் தமிழ்நாட்டில் 2003-இல் அதீத வட்டி வசூலிப்பதைத் தடை செய்யும் சட்டம் கொண்டுவரப்பட்டது. விதி இங்கே செய்யக்கூடியது ஒன்றுதான். கடன் வாங்கும் நாளிலேயே, கட்டாமல் விட்டால் எந்த மாதம் இது இரண்டு மடங்காகும் என்ற தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ள அது உதவும்.

மேலே 24 சதவீதத்தில் விதி மூன்று ஆண்டு என்று சொன்னதும், உண்மையில் கூடுதலாகச் சில மாதங்கள் ஆனதும் கவனத்துக்கு வந்திருக்கும். வட்டி உயர உயர 72 என்ற எண் போதாமல் போகிறது. 6 முதல் 12 சதவீதம் வரை பிழை மிகச் சிறியது, 15 சதவீதத்திலும் இரண்டு மாதத்துக்கு மேல் இல்லை. அதற்கு மேல் ஒரு சிறு திருத்தம் செய்துகொள்ளலாம். 8 சதவீதத்துக்கு மேல் ஒவ்வொரு மூன்று சதவீதத்துக்கும் 72-உடன் ஒன்றைக் கூட்ட வேண்டும். 24 என்பது 8-ஐவிட 16 அதிகம். மூன்றால் வகுத்தால் ஐந்துக்குச் சற்று மேல், எனவே 72-க்குப் பதில் 77. அதை 24-ஆல் வகுத்தால் 3.2 ஆண்டு. இது சரியான விடை.

‘இரண்டே ஆண்டில் பணம் இரட்டிப்பு’ என்று ஒருவர் துண்டறிக்கையோடு வீட்டுக்கு வரும்போது இந்தத் திருத்தம் கைகொடுக்கும். 72-ஐ 2-ஆல் வகுத்தால் 36 சதவீதம். இது 8-ஐவிட மிக அதிகம் என்பதால் திருத்தம் செய்தால் 72-க்குப் பதில் 81, அதை 2-ஆல் வகுத்தால் 40.5 சதவீதம். வட்டி 36-ஐவிட உயர்ந்துவிட்டதால், இந்த 40.5-ஐ வைத்து இன்னொரு முறை திருத்தினால் 83, அதாவது 41.5 சதவீதம். உண்மையான விடை 41.4. அஞ்சலகம் 7.5 கொடுக்கும் காலத்தில் 41 சதவீதம் கொடுக்க, அவர் நம் பணத்தை வைத்து அதைவிட அதிகமாகச் சம்பாதித்தாக வேண்டும். எந்தத் தொழிலில், எந்தச் சரக்கை விற்று என்று கேட்டுப் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

‘மாதம் பத்து சதவீதம்’ என்ற வாக்குறுதியையும் இப்படியே சோதிக்கலாம். 72-ஐ 10-ஆல் வகுத்தால் 7.2 மாதத்துக்கு ஒரு இரட்டிப்பு. மூன்று ஆண்டில், அதாவது 36 மாதத்தில், ஐந்து இரட்டிப்பு. ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு. ஒரு லட்சம் மூன்று ஆண்டில் முப்பது லட்சத்துக்கு மேல் ஆக வேண்டும். அப்படி ஒரு தொழில் கையில் இருப்பவர், தெருத்தெருவாக வந்து நம்மிடம் ஒரு லட்சம் கேட்க வேண்டிய அவசியம் என்ன? இருந்தும் பலர் ஏமாறுவதற்குக் காரணம், முதல் சில மாதங்கள் பத்தாயிரம் ரூபாய் தவறாமல் கைக்கு வந்துவிடுவதுதான். பத்து மாதம் பத்தாயிரம் வீதம் கொடுத்தாலும் அது நாம் போட்ட ஒரு லட்சமேதான். நம் பணத்தையே துண்டு துண்டாக நமக்குத் திருப்பித் தருவதற்கு எந்தத் தொழிலும் தேவையில்லை. பதினோராம் மாதத்துக்கு முன் நிறுத்திவிட்டால் அவருக்கு இழப்பும் இல்லை.

கடைசியாக, வரியும் விலைவாசியும். மறுபடியும் நம் பத்திரத்துக்கே வருவோம். கிசான் விகாஸ் பத்திரத்தின் வட்டிக்கு வருமான வரி உண்டு. 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு, செஸ் சேர்த்து 20.8 சதவீதம் போய்விடும். 7.5-இல் மிச்சம் நிற்பது 5.94 சதவீதம். 72-ஐ அதனால் வகுத்தால் 12 ஆண்டுக்குச் சற்று மேல். பத்திரம் 115 மாதத்தில் இரட்டிப்புத் தொகையைக் கொடுத்துவிடும் என்பது உண்மை. வரியை அவர் வேறு பையிலிருந்து கட்டுகிறார், அதனால் இழப்பு கண்ணில் படுவதில்லை. இரண்டு பைகளையும் சேர்த்துப் பார்த்தால் இரட்டிப்புக்கு இரண்டரை ஆண்டு கூடுதலாகிறது.

விலைவாசிக்கும் இதே விதியைப் போடலாம். விலைகள் ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் எல்லாம் இரண்டு மடங்கு விலை. 4 சதவீதம் ஏறினால் 18 ஆண்டில். ரிசர்வ் வங்கிக்கு வகுக்கப்பட்டிருக்கும் பணவீக்க இலக்கு 4 சதவீதம், இரு பக்கமும் 2 சதவீத இடைவெளி என்பதால், இந்த இரண்டு எண்களுக்கு இடையில் வைத்துப் பார்ப்பது நியாயமானது. 5 சதவீதம் என்று கொண்டால், இன்று 60 ரூபாய்க்கு வாங்கும் அரிசி சுமார் பதினான்கரை ஆண்டில் 120 ரூபாய். நம் பணம் 7.5 சதவீதத்தில் வளரும்போது விலை 5 சதவீதத்தில் துரத்துகிறது என்றால், நாம் முந்திச் செல்வது ஆண்டுக்கு இரண்டரை சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. அந்த அளவில், இன்று ஒரு மூட்டை அரிசி வாங்கும் பணம் இரண்டு மூட்டை வாங்கும் பணமாக மாற ஏறக்குறைய 29 ஆண்டு ஆகும். வரியையும் சேர்த்துக் கழித்தால், முந்திச் செல்வது ஒரு சதவீதத்துக்குக் கீழே இறங்கி, அந்த இரண்டாவது மூட்டைக்கு எழுபது ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கும்.